தலைப்பு மட்டும் வளரவில்லை

இணையத்தளம் செய்வது என் தொழில். கல்லடியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் இருந்துதான் செய்கிறேன். எழுத்தும் படமும் யாராவது தருவார்கள். அவற்றைக் கைபேசியிலும் கணினியிலும் ஒழுங்காக நிற்கவைப்பது என் பொறுப்பு. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. பத்து வருடமாகச் செய்கிறேன், செய்ததை நாலு பேர் பயன்படுத்துகிறார்கள், திரும்பவும் என்னிடமே வருகிறார்கள்.

வாவி மீனவர் சங்கங்கள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. அவர்களுக்கு ஓர் அறிவித்தல் தளம் வேண்டியிருந்தது. தோணிப் பதிவு எப்போது, கூட்டம் எங்கே, எந்த மாதம் எந்த வலை போடக்கூடாது என்பவற்றைச் சங்கம் சங்கமாகப் போட வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கைபேசியில் பார்ப்பார்கள். கூட்டமைப்பின் அலுவலகத்தில் ஒரு கணினி. தலைவரிடம் ஒரு டேப்லட். கணினியிலும் உலாவியின் ஜன்னலை முழுதாகத் திறந்து யாரும் வேலை செய்வதில்லை என்பதை முதல் நாளே கவனித்தேன். பாதித் திரையில் வாட்ஸ்அப், மீதிப் பாதியில் மற்ற வேலை.

இதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். முன்பெல்லாம் நாங்கள் தலைப்புக்கு இரண்டு அளவு எழுதுவோம். திரை இந்த அகலத்துக்குள் இருந்தால் சின்ன எழுத்து, தாண்டினால் பெரிய எழுத்து. கைபேசியில் பார்த்தால் சரி, முழுக் கணினித் திரையில் பார்த்தாலும் சரி. பாதித் திரையிலும் டேப்லட்டிலும் பார்த்தால்தான் அலங்கோலம். எல்லைக் கோட்டைத் திரையின் ஒரேயொரு புள்ளி தாண்டினாலும் எழுத்து திடீரென்று குதித்துப் பெருக்கும். ‘கூட்டமைப்பின்’ போன்ற ஒரு சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குத் தள்ளப்பட்டு, தலைப்பு மூன்று வரியாகக் கிடக்கும்.

அதற்கு மாற்றாகக் கிளாம்ப் என்றொரு வழி இருக்கிறது. ஒரே வரியில் மூன்று அளவுகளைக் கொடுக்கலாம். முதலாவது, எழுத்து இதற்குக் கீழே சிறுக்கக் கூடாது. மூன்றாவது, இதற்கு மேலே பெருக்கக் கூடாது. நடுவில் உள்ளது, இந்த இரண்டுக்கும் இடையே திரையின் அகலத்தைப் பார்த்து எவ்வளவு வளர வேண்டும் என்பது. நான் கீழெல்லையைப் பதினெட்டுப் புள்ளி என்றும் மேலெல்லையை முப்பத்தாறு புள்ளி என்றும் வைத்தேன். நடு அளவைத் திரை அகலத்தின் நூற்றுக்கு 2.8 பங்கு என்று எழுதினேன். ஓர் அறிவித்தலுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான இடைவெளிக்கும் அதே முறை. குறைந்தது பதினாறு, கூடியது அறுபத்து நாலு, நடுவில் அகலத்தின் நூற்றுக்கு ஐந்து.

நிர்வாகக் குழுவுக்குக் காட்டிய நாளில் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். தலைப்புகள் குதிக்காமல், மூச்சு விடுவதுபோல் சிறுத்தன, பெருத்தன. இடைவெளிகளும் கூடவே ஒடுங்கின, விரிந்தன.

தலைவர் தன் டேப்லட்டை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பார்த்தார்.

“இது நல்லாரிக்கு. ஒரு இடத்திலயும் உடையல்ல” என்றார்.

நான் வீட்டுக்கு வரும்போது கல்லடிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. எனக்கு அது பாராட்டுப்போலவே இருந்தது.

அந்த அலுவலகத்தில் அறிவித்தல்களைப் பதிவேற்றுபவர் ஓர் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. பிறந்ததிலிருந்தே பார்வை குறைவு. கண்ணாடி போட்டாலும் அது ஓரளவுக்குத்தான் உதவும். உலாவியை எப்போதும் இருமடங்கு பெருக்கத்தில் வைத்து, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய் வேலை செய்வார். தமிழ்த் தட்டெழுத்தில் அந்த அலுவலகத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. விசைப்பலகையை அவர் பார்ப்பதே இல்லை.

தளம் ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கட்டா? நான் பெருப்பிச்சா எல்லா எழுத்தும் பெருக்குது. தலைப்பு மட்டும் அப்படியே நிக்குது.”

“தலைப்பு முதலே பெரிசுதானே அக்கா” என்றேன்.

“பெரிசுதான். ஆனா...”

“பழகினாச் சரியாகிடும் அக்கா. ஏதும் உடைஞ்சா உடனே சொல்லுங்க, நான் வாறன்.”

“ஓம், சரி” என்று வைத்துவிட்டார்.

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. வேறொரு தளத்தின் வேலை கையில் இருந்தது. நான் செய்தது சரி என்பதிலும் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

சில வாரங்கள் போயின. தோணிப் பதிவைப் புதுப்பிக்கக் கூட்டமைப்பின் மண்டபத்துக்கு அதிகாரி வருவதாக இருந்தது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒவ்வொரு நாள். ஓட்டமாவடிப் பக்கத்துச் சங்கத்துக்குச் செவ்வாய், படுவான்கரைச் சங்கம் ஒன்றுக்கு வெள்ளி. பதிவேற்றும் பட்டியலில் படுவான்கரைச் சங்கத்துக்கு அடுத்து, அதன் கீழே, ஓட்டமாவடிச் சங்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஓட்டமாவடிக்காரர் வந்தார்கள். கூடவே வாவியைக் கடந்து படுவான்கரையிலிருந்தும் பத்துப் பேர் பத்திரங்களோடு வந்து நின்றார்கள். தளத்தில் அவர்களுடைய பக்கத்தில் செவ்வாய் என்றுதான் போட்டிருந்தது. அதிகாரி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் தொழில் போனது. ஓட்டமாவடிக்காரருக்கு யாரோ முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லியிருந்ததால் அவர்கள் தப்பினார்கள். அவர்களுடைய பக்கத்தில் செவ்வாய் என்ற திகதி ஏறியிருக்கவே இல்லை.

அடுத்த நாள் தலைவர் எனக்கு எடுத்தார். “உங்கட தளத்தில பிழையில்ல மகள். பதிஞ்சதிலதான் பிழை. நாளைக்குக் கூட்டம் இரிக்கு, நீங்களும் ஒருக்கா வாங்க. வேற ஆளைப் பழக்க வேண்டி வரும்.”

‘உங்கட தளத்தில பிழையில்ல’ என்ற சொல் எனக்கு இதமாக இருந்ததை மறைக்க முடியாது. ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியம் இதமாக இல்லை.

கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போனேன். அக்கா தன் மேசையில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“எப்படி மாறினது எண்டு காட்டுங்களன் அக்கா” என்றேன்.

“ஓட்டமாவடிக்கு நான் செவ்வாய் எண்டு அடிச்சது சரி. எந்தப் பொத்தானை அமத்தின எண்டதிலதான் பிழை போயிருக்கு. இஞ்ச வந்து பாருங்க.”

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பார்ப்பதுபோலவே இருமடங்கு பெருக்கத்தில் பட்டியலைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, எங்கே ஓர் அறிவித்தல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை என்பது விளங்கியது.

தலைப்பு என்று நான் வைத்தது தலைப்பாகவே இல்லை. சாதாரண எழுத்து வீங்கி அதன் உயரத்துக்கு வந்துவிட்டது. தலைப்புகளைத் தடித்த எழுத்தில் போடவேண்டாம் என்று முடிவெடுத்தவளும் நான்தான். தடித்தால் ணகரத்தின் சுழிகளெல்லாம் அடைத்துக்கொள்ளும் என்று, பருமனை விட்டுவிட்டு அளவை மட்டும் நம்பினேன். ஒவ்வொரு அறிவித்தலின் கீழும் ‘மாற்று’ என்றொரு பொத்தான். அது மேலே உள்ள அறிவித்தலுக்கு உரியதா, கீழே உள்ளதற்கு உரியதா? அதைச் சொல்ல வேண்டியது இடைவெளிதான். இடைவெளி ஒன்றும் சொல்லவில்லை.

நான் பெருக்கத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். தலைப்பின் உயரத்துக்கு ஒரு கடதாசித் துண்டைத் திரையில் பிடித்துப் பேனையால் குறித்தேன். திரும்ப இருமடங்காக்கி அதே துண்டைப் பிடித்தேன். குறி அசையவில்லை.

காரணம் எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கணினித் திரையின் அகலம் ஆயிரத்து இருநூற்றெண்பது புள்ளி. இருமடங்கு பெருக்கினால் உலாவி தன் திரையை அறுநூற்று நாற்பது புள்ளி அகலம் என்றே எண்ணிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாக்கிக் காட்டும். நான் தலைப்பைத் திரை அகலத்தின் பங்காக எழுதியிருந்தேன். அகலம் பாதியானதும் தலைப்பும் பாதியானது. முப்பத்தாறு பதினெட்டாகி, அதை உலாவி இரண்டாக்கியதும் திரும்ப முப்பத்தாறு. அக்கா பெருக்கப் பெருக்க, என் கணக்கு அதே வேகத்தில் சிறுப்பித்துக்கொண்டிருந்தது. சாதாரண எழுத்து பதினாறிலிருந்து முப்பத்திரண்டாகிவிட்டது. முப்பத்தாறுக்கும் முப்பத்திரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இடைவெளியும் அப்படித்தான். அறுபத்து நாலு அறுபத்து நாலாகவே நின்றது. பொத்தானுக்கு மேலே நான் வைத்த சின்ன இடைவெளி மட்டும் ஒழுங்காக இருமடங்கானது. நாலுக்கு ஒன்று என்றிருந்தது இரண்டுக்கு ஒன்றாகிவிட்டது.

கைபேசியிலும் தலைப்பு பதினெட்டுத்தான். ஆனால் உறுப்பினர் தன் சங்கத்தின் பக்கத்தை மட்டும் திறப்பார். ஒரு தலைப்பு, ஓர் அறிவித்தல். குழம்ப அங்கே வழியில்லை. எல்லாச் சங்கங்களையும் ஒரே பட்டியலில் பார்ப்பவர் இந்த ஒருவர்தான். அவரும் பெருக்கித்தான் பார்ப்பார். நான் ஜன்னலை நூறு தரம் இழுத்துப் பார்த்திருந்தேன். ஒரு தரமாவது பெருக்கிப் பார்க்கவில்லை.

“அக்கா, அண்டைக்கு நீங்க போன்ல ‘ஆனா’ எண்டு சொல்ல வந்தது இதுதானே?”

“ஓம். எல்லாம் ஒண்டுபோலக் கிடக்கு எண்டுதான் சொல்ல வந்தன். மறுகா எனக்கே நினைப்பு வந்திச்சு, என்ட கண்ணிலதான் பிழை எண்டு” என்றார்.

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். படுவான்கரைச் சங்கத்திலிருந்து, வந்து திரும்பிப்போனவர்களில் ஒருவரும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், உரத்த குரல். அவர்தான் முதலில் எழுந்தார்.

“பத்துப் பேர் தொழிலுக்குப் போகாம வந்த நாங்க. ஆரிட்டக் கேக்கிற? கண் தெரியாத ஆளிட்ட இந்த வேலையைக் குடுத்தா இப்படித்தான் வரும்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தலைவர் தொண்டையைச் செருமினார். “அவவுக்கு வேற வேலை குடுக்கலாம். கோவைகளைப் பார்க்கலாம். பதியிற வேலைக்கு...”

நான் எழுந்தேன். எனக்குப் பேசப் பயமில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது. “ஐயா, பிழை பதிஞ்சதில இல்ல. பிழை நான் செஞ்ச தளத்தில. முதல் கிழமையே அக்கா எனக்குச் சொன்னவ. நான் காது குடுக்கல்ல.”

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அண்டைக்கு எல்லாரும் பார்த்தமே மகள். நல்லாத்தானே இருந்த?”

“பெருப்பிக்காமப் பார்த்தா நல்லாத்தான் இரிக்கும். பெருப்பிச்சுக் காட்டுறன், வாங்க.”

கணினித் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி எல்லோரும் பார்க்கும்படி வைத்தோம். இருமடங்காக்கினேன். படுவான்கரைக்காரரை முன்னால் வரச் சொன்னேன்.

“அண்ணன், உங்கட சங்கத்து அறிவித்தலை மாத்த வேணும். எந்தப் பொத்தானை அமத்துவீங்க?”

அவர் குனிந்து பார்த்தார். தன் சங்கத்தின் பெயரைக் கண்டுபிடிக்கவே சற்று நேரம் எடுத்தது. பெயருக்கு மேலே ஒரு பொத்தான், நாலு வரி கழித்துக் கீழே ஒரு பொத்தான். விரலை மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார், திரும்ப மேலே கொண்டுபோய்த் தொட்டார். அது மேலே இருந்த வாகரைச் சங்கத்தின் பொத்தான்.

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. விரலை எடுத்துச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

“அப்ப எனக்கும் கண் தெரியாது எண்டுதான் அர்த்தம்” என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, “மனசில வைக்காத தங்கச்சி, விளங்காமக் கதைச்சிட்டன்” என்றார்.

“பரவால்ல அண்ணன்” என்றார் அக்கா. குரல் தெளிவாக இருந்தது.

தலைவர் என்னைப் பார்த்து, “இதைத் திருத்த எவ்வளவு நாள் எடுக்கும்?” என்று கேட்டார்.

“இண்டைக்கே. அக்கா பக்கத்தில இருந்தா.”

கூட்டம் மற்ற விஷயங்களுக்குப் போனது. நாங்கள் இருவரும் மேசைக்கு வந்தோம். என் மடிக்கணினியை அவருடைய கணினிக்கு அருகில் வைத்தேன்.

திருத்தம் பெரியதல்ல. நடு அளவைத் திரை அகலத்திடம் மட்டும் விட்டதுதான் தவறு. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு பகுதி எழுத்தின் அடிப்படை அளவிலிருந்து வரவேண்டும். பெருக்கினால் அது பெருக்கும். மற்றப் பகுதி திரை அகலத்திலிருந்து. கைபேசியின் முந்நூற்று அறுபது புள்ளி அகலத்தில் தலைப்பு இருபத்து நாலு இருக்க வேண்டும், கணினியின் ஆயிரத்து இருநூற்றெண்பதில் முப்பத்தாறு. இடையில் தொள்ளாயிரத்து இருபது புள்ளி அகலத்துக்குப் பன்னிரண்டு புள்ளி ஏற்றம். அதாவது அகலத்தின் நூற்றுக்கு 1.3 பங்கு. மிச்சம் பத்தொன்பது புள்ளிச் சொச்சம் நிலையான பகுதி. அதைப் புள்ளியாக எழுதாமல், பதினாறால் பிரித்து, அடிப்படை எழுத்தின் 1.2 மடங்கு என்று எழுதினேன். அப்படி எழுதினால், உலாவியின் அமைப்புகளுக்குள் போய் எழுத்தளவைக் கூட்டிவைத்திருப்பவருக்கும் தலைப்பு கூடவே பெருக்கும். கீழெல்லையையும் மேலெல்லையையும் நான் முதலிலேயே அந்த முறையில்தான் எழுதியிருந்தேன். நடுவில்தான் கோட்டைவிட்டேன்.

இடைவெளிக்கும் அப்படியே செய்தேன். அதன் கீழெல்லையைப் பதினாறிலிருந்து நாற்பதுக்கு உயர்த்தினேன்.

“இப்ப பெருப்பிச்சுப் பாருங்க அக்கா.”

அவர் விசையை அழுத்தினார். தலைப்பு எழுந்தது. பழைய கடதாசித் துண்டைப் பிடித்தேன். குறியைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு நின்றது. மூன்று மடங்கு பெருக்கத்தில் தலைப்பு இருமடங்கைத் தாண்டியது. சாதாரண எழுத்து அளவுக்கு வேகமாக வளரவில்லைதான், திரை அகலத்தின் பங்கு பின்னால் இழுக்கும். ஆனாலும் எந்த அளவிலும் தலைப்பு தலைப்பாகவே இருந்தது. நான் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். பழையபடி குதிக்காமல் ஓடியது. ஒன்றைப் பெற மற்றொன்றை விட வேண்டியிருக்கவில்லை.

அக்கா பட்டியலை மேலிருந்து கீழே ஓடவிட்டார். “இப்ப பிரிஞ்சு தெரியுது. ஆனா...”

நான் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

“பொத்தான் எல்லாத்திலயும் ‘மாற்று’ எண்டுதானே கிடக்கு. சங்கத்துப் பெயரையும் அதிலயே போட்டா என்ன? ‘வாகரைச் சங்க அறிவித்தலை மாற்று’ எண்டு. அப்ப ஆரும் பிழை விட ஏலாது.”

போட்டேன். ஐந்து நிமிடம்தான் எடுத்தது. பிறகு அவர் நாலு மடங்குக்குப் பெருக்கி, ‘கூட்டமைப்பின்’ என்ற சொல் திரையின் வலப்பக்கம் முட்டி நிற்பதைக் காட்டினார். நீளச் சொல்லை உடைத்துக் கீழே இறக்க அனுமதிக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். அடுத்து, தலைப்பு இரண்டு வரியானால் மேல்வரியின் உகர வாலும் கீழ்வரியின் இகர விசிறியும் தொட்டுக்கொள்வதைக் காட்டினார். வரி உயரத்தைக் கூட்டினேன். ஒவ்வொன்றையும் அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். வெள்ளிக்கிழமை படுவான்கரைக்காரர் பத்துப் பேரும் திரும்ப வந்து பதிந்துகொண்டு போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அக்காவின் வேலையை யாரும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் முழுவதும் நான் முன்பு செய்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பெருக்கிப் பார்த்தேன். மூன்றில் அதே தவறு. ஒன்று அமிர்தகழியில் உள்ள ஒரு தங்குமிடத்தின் தளம். திருத்திவிட்டு, திருத்தியிருக்கிறேன் என்று உரிமையாளருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“என்னத்த மாத்தின நீங்க? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்லியே” என்றார்.

“உங்களுக்குத் தெரியாது. பெருப்பிச்சு வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியும்” என்றேன்.

“அப்படி ஆரும் வருவாங்களா?”

“வருவாங்க” என்றேன்.